வட்டி மட்டும் கட்டும் கடன்: அசல் ஏன் அப்படியே நிற்கிறது?

கேள்வி: வக்கீல் சார், தாராவியில் தோல் பை கடை வைத்திருக்கிறேன். ஒரு நிதி நிறுவனத்தில் மூன்று வருடத்துக்கு ஆறு லட்சம் கடன், வருட வட்டி 15 சதவீதம், மாதம் 7,500 ரூபாய். 26 மாதம் ஆச்சு, 1,95,000 ரூபாய் போயிருக்கிறது. அதில் தீபாவளி வியாபாரத்தில் வந்த பணத்திலிருந்து ஒரே தடவையாகக் கட்டிய 50,000-மும் அடக்கம். இப்போது கடன் அதிகாரியிடமிருந்து கடிதம்: 'உங்களுடையது வட்டி மட்டும் செலுத்தும் கடன், அசல் ஆறு லட்சம் மாறவில்லை, இந்தப் பாக்கியை உறுதிசெய்து கையெழுத்திட்டு அனுப்பவும்.' இது மோசடிதானே? ஒரு விஷயம், தீபாவளிக்குப் பிறகு ஆறு மாதம் என் கணக்கில் அவர்கள் பணமே எடுக்கவில்லை, ஏழாவது மாதம் 2,500 மட்டும் எடுத்தார்கள்.

பதில்: மோசடி இல்லை, அண்ணாச்சி. மாதாமாதம் வட்டி மட்டும் கட்டினால் அசல் குறையாது என்று அதிகாரி சொல்வது சரி. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த ஐம்பதாயிரத்தைப் பார்த்தே ஆக வேண்டும், அங்கேதான் விஷயம் இருக்கிறது.

முதலில் 7,500 எங்கிருந்து வருகிறது? ஆறு லட்சத்துக்கு 15 சதவீதம் என்றால் வருடத்துக்கு 90,000, அதைப் பன்னிரண்டால் வகுத்தால் 7,500. அதாவது நீங்கள் கட்டுவது அந்த மாதத்து வட்டி, பைசா சுத்தமாக அவ்வளவுதான். கடைக்கு எத்தனை வருடம் வாடகை கொடுத்தாலும் கடை நம் பேருக்கு வராதில்லையா, அந்த மாதிரி. இதே ஆறு லட்சத்தை அதே வட்டிக்கு மூன்று வருட மாதத் தவணையில் வாங்கியிருந்தால் மாதம் சுமார் 20,800 கட்டியிருப்பீர்கள், அதில் முதல் மாதம் 7,500 வட்டிக்குப் போக மீதி 13,300 அசலைக் குறைத்திருக்கும், அடுத்த மாதம் வட்டி 7,334 ஆக இறங்கியிருக்கும், இப்படியே இறங்கி மூன்று வருட முடிவில் மொத்த வட்டி ஒன்றரை லட்சத்துக்குள் முடிந்திருக்கும். உங்கள் கடனில் மூன்று வருட வட்டி 2,70,000, அப்புறம் கடைசி நாளில் ஆறு லட்சம் மொத்தமாக. மாதத் தொகை சின்னதாக இருந்ததுதான் உங்களை இழுத்திருக்கும், சரக்கு எடுத்து விற்று ஒரே அடியாகப் பணம் பார்ப்பவருக்கு அது பொருந்தவும் செய்யும். ஒப்பந்தத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், எனக்கு யாரும் சொல்லவில்லை என்ற வாதம் நீதிமன்றத்தில் நிற்காது.

இப்போது ஐம்பதாயிரத்துக்கு வருவோம். ஆறு மாதம் அவர்கள் பணம் எடுக்காததும், ஏழாவது மாதம் 2,500 மட்டும் எடுத்ததும் கருணையால் இல்லை. ஆறு மாத வட்டி 45,000, மீதி 5,000, ஏழாவது மாத 7,500-இல் அந்த ஐயாயிரம் போக 2,500. கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. அதாவது உங்கள் ஐம்பதாயிரத்தை அசலில் வரவு வைக்காமல், முன்கூட்டியே வந்த பணம் என்று ஒதுக்கி வைத்து, மாதா மாதம் வட்டிக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க வக்கீலே வேண்டாம், கணக்கு அறிக்கையில் அந்தப் பணம் கட்டிய மறு மாதம் விதித்த வட்டியைப் பாருங்கள். அசல் ஐந்தரை லட்சமாகியிருந்தால் வட்டி 6,875 என்று இருக்கும். 7,500 என்றே இருந்தால் அசல் தொடப்படவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? கடனாளி கட்டும் பணம் முதலில் நிலுவை வட்டிக்கு, மிச்சம் அசலுக்கு என்பதுதான் பொது வழக்கம், மேக்ராஜ் எதிர் பயாபாய் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது. தீபாவளியன்று உங்களுக்கு வட்டி நிலுவை ஒன்றும் இல்லை என்றால், இனிமேல் வரப்போகும் வட்டிக்கு அந்தப் பணத்தைப் பிடித்து வைக்க என்ன காரணம் என்று கேட்கலாம். அவர்கள் இரண்டு பதில் சொல்லக்கூடும். ஒன்று, ஒப்பந்தத்தில் பகுதி முன்செலுத்தல் பற்றி ஒரு ஷரத்து இருக்கும், எழுத்தில் கேட்டால்தான், இவ்வளவுக்குக் குறையாமல் கட்டினால்தான் அசலில் கழிப்போம் என்று. அந்தப் பக்கத்தை இன்றே எடுத்துப் படியுங்கள். இரண்டாவது, நீங்கள் பணம் அனுப்பியபோது 'அசலுக்கு' என்று ஒரு வரி எழுதினீர்களா என்று கேட்பார்கள். வாட்ஸ்அப்பில் அதிகாரிக்கு ஒரு செய்தி போட்டிருந்தாலும் தேடி எடுத்து வையுங்கள்.

சரி, ஜெயித்தால் எவ்வளவு கிடைக்கும்? நிறையப் பேர் இங்கே ஏமாந்துபோகிறார்கள், அதனால் கணக்கையே போட்டுவிடுகிறேன். அன்றைக்கே அசலில் கழித்திருந்தால், அந்த ஏழு மாத வட்டியை மாதம் 6,875 வீதம் நீங்கள் கையிலிருந்து கட்டியிருக்க வேண்டும். கட்டியது 2,500 மட்டும், ஆகவே 45,625 பாக்கி. ஐந்தரை லட்சத்தோடு சேர்த்தால் 5,95,625. அந்த ஏழு மாத முடிவில் உங்களுக்கு உண்மையான லாபம் 4,375 ரூபாய், அதற்குப் பிறகு மாதம் 625. இதற்காக வழக்குப் போட்டால் ஆட்டோ கூலிக்குக்கூடக் கட்டாது. ஐம்பதாயிரமும் திரும்ப வர வேண்டும், ஆறு மாதம் கட்டாததும் கட்டாததாகவே இருக்க வேண்டும் என்று இரண்டையும் கேட்க முடியாது.

ஆகவே கடிதத்துக்குப் பதில் எழுதுங்கள், மின்னஞ்சலில் ஒன்று, ஸ்பீடு போஸ்ட்டில் ஒன்று. கடன் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன், இன்ன தேதியில் கட்டிய 50,000 ரூபாய் அசலுக்கு வரவு வைக்கப்படவில்லை என்பதால் தொகை சரிபார்ப்புக்கு உட்பட்டது, முழு கணக்கு அறிக்கை தரவும் என்று எழுதினால் போதும். பாக்கி உறுதிக் கடிதம் காலவரையறைச் சட்டம் 18-ஆம் பிரிவின்படி கடனை ஒப்புக்கொண்டதாகும், அவர்கள் வழக்குப் போடுவதற்கான மூன்று வருடக் கெடு அன்றிலிருந்து புதிதாக ஓடும். ஆனால் உங்கள் கடனுக்கு இன்னும் முடிவு தேதியே வரவில்லை, கையெழுத்தை மறுத்து ஒன்றும் சம்பாதிக்கப் போவதில்லை. தொகையை மட்டும் கண்ணை மூடி ஏற்காதீர்கள்.

இனிமேல் கூடுதலாகக் கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் முன்னாலேயே 'அசலில் கழிக்கவும், திருத்திய மாத வட்டியைத் தெரிவிக்கவும்' என்று எழுதி, பதில் வந்த பிறகு அனுப்புங்கள். முன்செலுத்தல் கட்டணம் உண்டா என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது.

எனக்கு இதைவிடக் கவலை வேறு. இன்னும் பத்து மாதத்தில் ஆறு லட்சம் மொத்தமாக வர வேண்டும், அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று உங்கள் கேள்வியில் ஒரு வார்த்தை இல்லை. கெடு நாளில் கட்டாமல் 90 நாள் தாண்டினால் வாராக்கடன், அதற்கப்புறம் பேச்சே வேறு. இப்போதே, ஒரு தவணைகூடத் தவறாத நிலையில், மாதத் தவணைக் கடனாக மாற்றித் தரும்படி எழுதிக் கேளுங்கள். மாற்றினால் கடன் அறிக்கையில் மறுசீரமைப்பு என்று பதிவாகுமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். மாற்றிய கடனுக்கு முக்கிய விவர அறிக்கை என்று ஒன்று தரச் சொல்லுங்கள், 2024 அக்டோபர் 1-இலிருந்து சிறு தொழில்களுக்கான புதிய தவணைக் கடன்களுக்கு அதைத் தருவது கட்டாயம். அதில் மாதாந்திர அட்டவணை ஒன்று இருக்கும், அசல் என்ற பத்தியில் ஒவ்வொரு மாதமும் எவ்வளவு குறைகிறது என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.