மூணாவது மாசம் தைராய்டு அதிகம், இப்ப கம்மியா?

கேள்வி: டெலிவரி ஆகி மூணாவது மாசம் தைராய்டு அதிகமா இருக்குன்னாங்க. இப்ப ஏழாவது மாசம், கம்மியா இருக்குன்னு மாத்திரை எழுதிக் குடுத்திருக்காங்க. ரெண்டுல எது தப்பு? லேப் மாத்திப் பாக்கணுமா?

பதில்: லேப் மேல தப்பு இருக்க வாய்ப்பு கம்மி. எனக்கும் அச்சு அசலா இப்படித்தான் ஆச்சு.

கர்ப்பமா இருக்கும்போது அடங்கியிருக்கிற எதிர்ப்பு சக்தி குழந்தை பொறந்ததும் திரும்ப வேகமா எழும்பும், சில பேருக்கு அது தைராய்டு சுரப்பியையே தாக்கிடும். அப்ப சுரப்பிக்குள்ள ஏற்கனவே சேத்து வச்சிருந்த ஹார்மோன் மொத்தமா ரத்தத்துல கசியும், அதுதான் உங்க மூணாவது மாச ரிப்போர்ட். சுரப்பி அதிகமா வேலை செய்யல, உடைஞ்ச பானையில இருந்து தண்ணி ஒழுகுற மாதிரின்னு வச்சுக்கங்க. இருப்பு தீந்ததும், அடி வாங்கின சுரப்பியால புதுசா போதுமான அளவு தயாரிக்க முடியாது, அதான் இப்ப கம்மி.

டிஎஸ்எச்ங்கிறது தைராய்டை வேலை செய்யச் சொல்லி மூளையில இருந்து வர்ற ஹார்மோன், தைராய்டு அதிகமானா இது குறையும், கம்மியானா இது ஏறும். எனக்கு மூணாவது மாசம் டிஎஸ்எச் 0.02, சும்மா உக்காந்திருந்தாலே நாடி 110, கை நடுக்கம். முதல்ல பாத்த டாக்டர் கார்பிமசோல் எழுதிட்டாங்க. அந்த மாத்திரை சுரப்பி புதுசா தயாரிக்கிறதைத்தான் தடுக்கும், கசியுறதை ஒண்ணும் பண்ணாது. ரெண்டாவது டாக்டர் டிஎஸ்எச் ரிசப்டர் ஆன்டிபாடி பாக்கச் சொன்னாங்க, ஏன்னா சுரப்பி நிஜமாவே அதிகமா தயாரிக்கிற கிரேவ்ஸ் நோய்னா வைத்தியமே வேற, அதுல பெரும்பாலும் இந்த டெஸ்ட் பாசிட்டிவா வரும். எனக்கு நெகட்டிவ், எதிர்ப்பு சக்தி தைராய்டைத் தாக்குறதைக் காட்டுற டிபிஓ ஆன்டிபாடி மட்டும் ரொம்ப அதிகம். கார்பிமசோலை நிறுத்திட்டு படபடப்புக்கு மட்டும் கொஞ்ச நாள் புரோப்ரனலால் குடுத்தாங்க.

நான் ஏமாந்தது இதுக்கு அப்புறம்தான். அஞ்சாவது மாசம் டிஎஸ்எச் 2.1, நார்மல்! சரியாயிடுச்சுன்னு நினைச்சு அடுத்த டெஸ்ட்டை விட்டுட்டேன், ஆனா அது தைராய்டு ஹார்மோன் மேல இருந்து கீழ இறங்குற வழியில நடுவுல எடுத்த ரீடிங், அவ்வளவுதான். ஏழாவது மாசம் எழுந்திரிக்கவே முடியல, முடி கொத்துக் கொத்தா கொட்டுது, எல்லாரும் தூக்கமில்லாததுனாலன்னு சொல்ல நானும் நம்பிட்டேன், கடைசியில பாத்தா டிஎஸ்எச் 28. நார்மல்னு வந்தாலும் ஒரு வருஷம் வரைக்கும் ஆறு, எட்டு வாரத்துக்கு ஒரு தடவை பாத்துக்கிட்டே இருந்திருக்கணும்.

குறையுற தைராய்டு ஹார்மோனை ஈடு கட்டுற லெவோதைராக்சின் மாத்திரை 50 மைக்ரோகிராம் ஆரம்பிச்சாங்க. தாய்ப்பால் குடுத்துட்டே சாப்பிடலாம், வெறும் வயித்துல, இரும்புச்சத்து கால்சியம் மாத்திரைகளுக்கு நாலு மணி நேரம் தள்ளி (இந்த இடைவெளி தெரியாம முதல் மாசம் பூரா ஒண்ணா முழுங்கினேன்). சுமார் ஒரு வருஷம் கழிச்சு டாக்டரே பாதியா குறைச்சுப் பாத்தாங்க, ஆறு வாரத்துல டிஎஸ்எச் 3, அப்புறம் நிறுத்தியாச்சு. எல்லாருக்கும் இப்படி நிறுத்த முடியாது, சிலருக்கு நிரந்தரமா கம்மியாவே நின்னுடும், அதனால நீங்களா நிறுத்திடாதீங்க. நான் இப்பவும் வருஷம் ஒரு தடவை டிஎஸ்எச் பாக்குறேன், அடுத்த குழந்தைக்கு அப்புறமும் இது திரும்ப வர நிறைய வாய்ப்பு இருக்காம்.