வீட்டுக் கணக்கெடுப்புக்கான கோட்புக் சந்தேகங்கள்: இந்த முறை வந்த கேள்விகள்

கே: மாறிகளுக்கு q1, q2 என்றே பெயர் இருக்கிறது. மாற்ற வேண்டுமா?

எண் இருக்கட்டும், வினாத்தாளோடு ஒத்துப் பார்க்க அது வேண்டும். பின்னால் ஒரு சொல்லைச் சேருங்கள்: `q12_days`.

கே: 'வேலை நாள்' என்று லேபிள் போட்டால் போதாதா?

போதாது. யாருடைய வேலை, எந்தக் காலத்தில்? 'கடந்த 12 மாதத்தில் குடும்பம் 100 நாள் வேலைக்குப் போன நாட்கள்' என்று எழுதுங்கள். ஸ்டேட்டாவில் மாறி லேபிளுக்கு 80 குறிகள்தான் இடம். உயிர்மெய்யின் துணைக்குறியும் தனியாக எண்ணப்படும். 'கூலி' என்பது நான்கு. கேள்வியின் முழு வாசகம் கோட்புக்கில் இருக்கட்டும்.

கே: பதில் இல்லாத இடத்திலெல்லாம் 99 போட்டிருக்கிறோம். சராசரி கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது. ஏன்?

எத்தனை தடவை சொல்வது! 100 நாள் வேலையில் 99 என்பது உண்மையான பதிலாகவும் வரலாம். 40 வீடுகள் என்று வையுங்கள். 30 வீடுகள் சராசரியாக 50 நாள் வேலை செய்திருக்கின்றன. மீதி 10 வீடுகளில் வேலை அட்டையே இல்லாததால் கேள்வியே கேட்கப்படவில்லை. அந்தப் பத்துக்கும் 99 போட்டால் சராசரி ஏறக்குறைய 62 ஆகிவிடும். 999 போட்டிருந்தால் 287 வந்து, பார்த்தவுடனே தவறு பிடிபட்டிருக்கும். 62 நம்பும்படி இருப்பதால் அப்படியே அறிக்கைக்குள் போய்விடுகிறது.

இன்னொரு கோளாறும் இருக்கிறது. கேள்வி பொருந்தாதவர், தெரியாது என்றவர், சொல்ல மறுத்தவர் மூவரையும் ஒரே எண்ணில் அடைத்துவிட்டீர்கள். பின்னால் வருபவரால் இவர்களைப் பிரிக்கவே முடியாது. நாட்களுக்கு எதிர்மறை எண் வராது. எனவே -97 பொருந்தாது, -98 தெரியாது, -99 மறுப்பு என்று வைத்து, கோட்புக்கில் எழுதிவிட்டு, கோப்பில் இப்படி மாற்றுங்கள்:

```
mvdecode q12_days, mv(-97=.a \ -98=.b \ -99=.c)
```

-97 வந்த வரிகளுக்கு எந்தக் கேள்வியிலிருந்து தாவினார்கள் என்பதையும் எழுதுங்கள்: 'q11_card = 0 என்றால் கேட்கப்படவில்லை'. மாற்றிய பிறகும் கவனம் வேண்டும். ஸ்டேட்டா .a, .b, .c போன்ற விடுபட்ட மதிப்பை எல்லா எண்ணையும்விடப் பெரியதாக எடுத்துக்கொள்ளும். `q12_days > 60` என்று மட்டும் கேட்டால் அட்டை இல்லாத அந்தப் பத்து வீடுகளும் உள்ளே வந்து உட்காரும். `& !missing(q12_days)` சேர்க்க வேண்டும் என்று கோட்புக்கிலேயே குறித்துவிடுங்கள்.

கே: குடிநீர் எங்கிருந்து என்ற கேள்விக்குப் பலர் இரண்டு மூன்று பதில் சொன்னார்கள். '1,3' என்று ஒரே கட்டத்தில் இருக்கிறது.

ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு தனி நெடுவரிசை: `q8_tap`, `q8_well`, `q8_lorry`. சொன்னால் 1, சொல்லாவிட்டால் 0. கேட்கவே படாதவருக்கு 0 போடாதீர்கள், -97தான்.

கே: கோட்புக்கை இணைத்திருக்கிறேன். சரியா என்று பாருங்கள்.

வினாத்தாள் எங்கே? அது இல்லாமல் தாவல்கள் சரியா என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் கோப்பில் `sex` மாறிக்கு 1, 2 இருக்கிறது. எது ஆண், எது பெண் என்று எங்கும் இல்லை. அதை எழுதி, வினாத்தாளோடு அனுப்புங்கள்.