கிண்ணத்தில் மிச்சம் கிடந்த ஓ-ரிங்

கேள்வி: ஒரே அசெம்பிளி வேலையை நாள் முழுக்கச் செய்பவர்கள் எத்தனை முறை சொன்னாலும் ஒரு பாகத்தைப் போட மறந்துவிடுகிறார்கள். தவறே நடக்காதபடி செய்ய ஏதாவது வழி இருக்கிறதா?

"எத்தனை முறை சொன்னாலும்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சூப்பர்வைசராகவோ சின்ன யூனிட்டின் முதலாளியாகவோ இருக்க வேண்டும். தினமும் சத்தம் போட்டுத் தொண்டை கட்டியிருக்கும். நானும் அப்படி ஒன்றரை வருடம் கத்தியவன்தான்.

கோயம்புத்தூரில் பித்தளை வால்வு செய்யும் ஒரு சின்ன யூனிட்டில் வேலை பார்த்தேன். ஒரு அங்குல நான்-ரிட்டர்ன் வால்வு. பாடி, டிஸ்க், ஸ்பிரிங், கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங், மூடி என்று மொத்தமே ஐந்து பாகம். ஒரு மேசையில் ஒரு நாளைக்கு அறுநூறு பீஸ் போகும். இதில் என்ன தப்பு வந்துவிடப் போகிறது என்று நீங்கள் நினைக்கலாம். ஒரு தடவை பம்பு செய்யும் கஸ்டமருக்கு 2000 பீஸ் அனுப்பினோம். மூன்றில் தண்ணீர் கசிந்தது. திறந்து பார்த்தால் மூன்றிலும் ஓ-ரிங்கே இல்லை.

டெஸ்டில் எப்படித் தப்பியது என்று கேட்பீர்கள். இருபதுக்கு ஒன்றுதான் காற்று வைத்துப் பார்ப்போம். அப்படிப் பார்த்த பீஸாக இருந்தாலும் மாட்டியிருக்கும் என்று சொல்ல முடியாது. மூடியை ஏர் ரெஞ்சில் இறுக்கும்போது பித்தளையும் பித்தளையும் நன்றாக அமர்ந்துவிடும், மரையில் தடவிய கிரீஸ் கொஞ்ச நேரம் காற்றை அடக்கிவைக்கும். கசிவு வெளியே தெரிவது பம்பில் மாட்டி ஓட்டிய பிறகுதான்.

மேசையில் இருந்த அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நான் போட்டேனுங்ணா, போடாம எப்படிங்ணா மூடிய மாட்டுவேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஒரு நாளில் அறுநூறு தடவை போட்ட கைக்கு, போடாத அந்த ஒன்றும் போட்டது போலத்தான் ஞாபகம் இருக்கும். இது எனக்குப் புரிய நாளானது. அதுவரை சுவரில் "ஓ-ரிங் போட்டீர்களா?" என்று போர்டு வைத்தேன், கையெழுத்து நோட்டு போட்டேன். அப்புறம் மூடியை இறுக்குவதற்கு முன் பார்க்க இன்னொரு பெண்ணை உட்கார வைத்தேன். அதில் நிலைமை இன்னும் மோசமானது. "அடுத்தவர் பார்ப்பார்" என்று இவர் விட்டார், "முன்னவர் போட்டிருப்பார்" என்று அவர் விட்டார்.

அடுத்து ஒரு மின்னணுத் தராசு வாங்கினோம். முடிந்த பீஸை எடை போட்டால் ஓ-ரிங் இல்லாதது தெரிந்துவிடும் என்பது என் யோசனை. இதே யோசனை உங்களுக்கும் வரும், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். அந்த ஓ-ரிங்கின் எடை அரை கிராம்கூட இல்லை. பாடி வார்ப்பு 180 கிராம் சொச்சம். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இரண்டு மூன்று கிராம் வித்தியாசம் சாதாரணமாக இருக்கும். அந்த ஏற்ற இறக்கத்துக்குள் அரை கிராம் காணாமல் போய்விடும். ஓ-ரிங் இல்லாத கனமான பீஸ் பாஸ் ஆனது, ஓ-ரிங் உள்ள லேசான பீஸ் ஃபெயில் ஆனது. இரண்டாவது நாளே தராசைப் பேக்கிங் பிரிவுக்குத் தள்ளிவிட்டேன். எடை வைத்துப் பிடிக்க வேண்டுமானால், விட்டுப்போகும் பாகத்தின் எடை மற்ற பாகங்களின் ஏற்ற இறக்கத்தைவிட நன்றாகவே அதிகம் இருக்க வேண்டும். மருந்து அட்டை, பிளாஸ்டிக் சாமான் மாதிரியானவற்றுக்கு இது சரிப்படும். வார்ப்புக்குச் சரிப்படாது.

வழி கிடைத்தது ஒரு பழைய ஜப்பான் கதையில். 1961-இல் ஷிகியோ ஷிங்கோ என்பவர் யமடா எலக்ட்ரிக் தொழிற்சாலைக்குப் போகிறார். அங்கே இரண்டு பொத்தான் உள்ள ஒரு சின்ன சுவிட்ச். பொத்தானுக்கு ஒன்றாக இரண்டு ஸ்பிரிங் போட வேண்டும். சில சமயம் ஒன்று விட்டுப்போகும், மேலாளர் திட்டுவார், கொஞ்ச நாள் சரியாகும், மறுபடி விட்டுப்போகும். ஷிங்கோ செய்தது ஒன்றே ஒன்றுதான். பெட்டியிலிருந்து நேராக எடுத்துப் போடாமல், முதலில் இரண்டு ஸ்பிரிங்கை ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து வைக்கச் சொன்னார். சுவிட்ச் முடிந்ததும் கிண்ணத்தில் ஸ்பிரிங் மிச்சம் கிடந்தால் விட்டுப்போனது அப்போதே தெரிந்துவிடும். ஆயிரம் ஸ்பிரிங் உள்ள பெட்டியில் ஒன்று கூடுதலாக இருந்தால் யாருக்குத் தெரியும்? கிண்ணத்தில் தெரியும்.

இந்த முறைக்கு முதலில் "பாகா-யோகே" என்று பெயர். பாகா என்றால் முட்டாள். 1963-இல் அரகாவா பாடி நிறுவனத்தில் ஒரு பெண் ஊழியர் அந்தச் சொல்லைக் கேட்டு, "நான் என்ன முட்டாளா?" என்று அழுதுவிட்டாராம். அதற்கப்புறம்தான் "போகா-யோகே" ஆனது. போகா என்றால் கவனம் பிசகிச் செய்யும் தவறு. இதைப் படித்த அன்று எங்கள் அக்காவின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

சரி, நாங்கள் செய்தது. முதலில் ஷிங்கோ சொன்னபடியே கிண்ணம் வைத்தோம், ஆனால் அவசரத்தில் ஒரு குழப்பம் செய்தேன். ஒவ்வொரு பீஸுக்கும் ஒரு ஓ-ரிங் எடுத்து வைப்பது நேரம் என்று இருபதை ஒன்றாக எண்ணி வைக்கச் சொன்னேன். இருபது பீஸ் முடிந்ததும் கிண்ணத்தில் ஒன்று மிச்சம். எந்தப் பீஸில் விட்டது? இருபதையும் திறக்க வேண்டியதாயிற்று.

அதற்குத்தான் பலகை செய்தோம். வீட்டில் காய் நறுக்கும் வெள்ளை பிளாஸ்டிக் பலகை, பாத்திரக் கடையில் வாங்கியது. அதில் நான்கு வரிசை, வரிசைக்கு ஐந்து பாடி உட்காரும் குழி. ஒவ்வொரு குழிக்கும் பக்கத்திலேயே ஒரு சின்ன முளை, அந்த முளையில் ஒரு ஓ-ரிங். வெள்ளைப் பலகையில் கறுப்பு ஓ-ரிங் பளிச்சென்று தெரியும். மூடியும் இறுக்கியாயிற்று, பக்கத்து முளையில் ரிங் அப்படியே இருக்கிறது என்றால் அந்த ஒரு பீஸைத் திறந்தால் போதும்.

ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு பீஸ் ஓ-ரிங் இல்லாமல் வந்தது. இந்தத் தடவை தவறு பலகையை நிரப்பிய பெண்ணிடம். ஒரு முளையில் ரிங் மாட்டாமல் விட்டிருந்தார். அக்கா கை போன வேகத்தில் காலி முளையைத் தாண்டிப் போய்விட்டார். தவறை ஒழித்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன், அது ஒரு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தது. அப்புறம்தான் முளைகளில் ரிங் உட்காரும் இடத்தில் சிவப்புப் பெயிண்ட் அடித்தோம். ரிங் இருந்தால் சிவப்பு மறைந்துவிடும். பலகை மேசைக்கு வரும்போது எங்கும் சிவப்பு தெரியக் கூடாது, மேசையை விட்டுப் போகும்போது எங்கும் கறுப்பு தெரியக் கூடாது. படிக்கத் தெரியாதவர்கூட ஒரு பார்வையில் சொல்லிவிடலாம்.

கூடவே இன்னொன்றும் செய்தோம். அசெம்பிளி மேசையில் திறந்த ஓ-ரிங் பாக்கெட் இருக்கவே கூடாது. அது இருந்தால் கணக்கு உடைந்துவிடும். ரிங் கீழே விழுந்தாலோ அறுந்தாலோ, அதைக் கொண்டுவந்து கொடுத்துத்தான் புதிதை வாங்க வேண்டும்.

இதுவும் தவறு நடந்த பிறகு காட்டிக்கொடுக்கும் வழிதான், தடுக்கும் வழி இல்லை. தடுக்கும் வகை ஒன்றும் எங்களிடம் இருந்தது. டிஸ்க்கின் ஒரு பக்கம் ரப்பர், மறுபக்கம் ஒரு குட்டித் தண்டு. தலைகீழாகப் போட்டால் தண்டு கீழே போகும். எங்கள் டர்னர் மூடி இறுக்கும் ஃபிக்ஸ்சரில், பாடியின் அடித்துளை வழியாக மேலே வரும்படி ஒரு பழைய கம்பியைக் கடைந்து பொருத்தினார். டிஸ்க் நேராக இருந்தால் அந்தக் கம்பி எதிலும் படாது. தலைகீழாக இருந்தால் தண்டு கம்பியில் முட்டி டிஸ்க் தூக்கிக்கொண்டு நிற்கும், மூடியின் மரை பிடிக்கவே பிடிக்காது. கண், கவனம், ஞாபகம் எதுவும் தேவையில்லை. உங்கள் பாகத்தில் இப்படிச் செய்ய இடம் இருந்தால் முதலில் இதைத்தான் செய்யுங்கள். ஓ-ரிங் இல்லாமலும் மூடி நன்றாகவே இறுகும் என்பதால்தான் நாங்கள் பலகைக்குப் போனோம்.

"கேமரா வைத்தால் முடிந்தது" என்று கமெண்டில் யாராவது வருவார்கள் என்று தெரியும். மாதம் லட்சம் பீஸ் ஓடும் லைனுக்கு வையுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கிரீஸ் பூசிய மரைக்குள் இருக்கும் கறுப்பு ரிங்கைக் கேமராவுக்குக் காட்ட விளக்கு வெளிச்சத்தோடு எவ்வளவு மல்லுக்கட்ட வேண்டும் என்பதை வைத்தவர்களிடம் கேட்டுவிட்டு வையுங்கள், அவ்வளவுதான்.

வாரத்தில் ஒரு நாள், நானே ஒரு பலகையில் ஒரு ரிங்கை எடுத்துவிட்டு அனுப்புவேன், நிறுத்துகிறார்களா என்று பார்க்க. ஆளை ஏமாற்றுகிறாய் என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். அப்படி இல்லை. இப்படிச் செய்வேன் என்று முன்னாலேயே எல்லோரிடமும் சொல்லியாயிற்று. பரீட்சை பலகைக்குத்தான்.

அசெம்பிளி இல்லாமல் கம்ப்யூட்டரில் என்ட்ரி போடும் வேலை என்றாலும் இதே கிண்ணம்தான். எங்கள் ஆபீஸில் நாற்பது செலான் என்ட்ரி போடும் முன், எல்லாவற்றின் அளவையும் கால்குலேட்டரில் கூட்டி ஒரு தாளில் எழுதிவிடுவார்கள். முடிந்ததும் எக்செல் காட்டும் கூட்டுத்தொகையோடு ஒப்பிடுவார்கள். வித்தியாசம் 9-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால், பெரும்பாலும் யாரோ 63-ஐ 36 என்று இலக்கம் மாற்றி அடித்திருப்பார்கள். வித்தியாசம் ஒரு செலானின் அளவாகவே இருந்தால், அந்தச் செலான் விட்டுப்போயிருக்கும். ஆனால் அளவைச் சரியாக அடித்துவிட்டு பார்ட் நம்பரைத் தப்பாக அடித்தால் இது பிடிக்காது.

இடையில் ஒன்று, கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும். மூன்று பீஸுக்காக அந்தக் கஸ்டமர் டெபிட் நோட்டை நான்கே நாளில் அனுப்பினார்கள், லாட் முழுக்கப் பிரித்துப் பார்த்த கூலியையும் சேர்த்து. எங்கள் பில்லுக்குப் பணம் வந்தது 110 நாள் கழித்து. சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-இலிருந்து சட்டம் இருக்கிறது. புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது. தவறு செய்ய முடியாதபடி அவர்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவிலும் யாராவது ஒரு முளை வைத்தால் தேவலை.

பலகை செய்வதாக இருந்தால் கடைசியாக ஒரு விஷயம். சாதாரணப் பெயிண்ட் கிரீஸ் பட்டு இரண்டு மாதத்தில் உரிந்துவிட்டது. சிவப்பு போனால் காலி முளை கண்ணில் படாது, பலகை வெறும் பலகைதான். அக்கா வீட்டிலிருந்து மகளின் நகப்பூச்சைக் கொண்டுவந்து அடித்தார். அது நிற்கிறது.