அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சையா, ம்யூனிக் பயணமா?

கேள்வி: சென்னையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். ம்யூனிக்கில் இருக்கும் தங்கைக்கு இது முதல் பிரசவம். அம்மாவை அழைத்துக்கொண்டு போய் மூன்று வாரம் உடனிருக்கப் போகிறேன். விசா விண்ணப்ப மையத்தில் எங்கள் இருவருக்கும் அடுத்த மாதம் 24ஆம் தேதி நேரம் கிடைத்திருக்கிறது. பணிச் சான்றுக் கடிதம் கேட்டு மனிதவளப் பிரிவுக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பியும் பதில் இல்லை. விடுப்புக்கு அனுமதி வாங்கிவிட்டேன் (பிரசவம் என்றால் தரமாட்டார்கள் என்று, அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை என்று போட்டிருக்கிறேன்). இவர்களிடம் எப்படிக் கறாராகப் பேசுவது?

— பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: கறாரைப் பிறகு பார்ப்போம். அடைப்புக்குறிக்குள் ஒளித்து வைத்தீர்களே ஒரு வரி, முதலில் அதற்கு வாருங்கள்.

ஜெர்மன் தூதரகத்துக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது, "இவர் எங்களிடம் வேலை செய்கிறார்" என்ற வெறும் சான்று அல்ல. இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை விடுப்பு தரப்பட்டிருக்கிறது, அது முடிந்ததும் வேலைக்குத் திரும்புவார் என்று நிறுவனம் எழுதித் தர வேண்டும். அதை எழுதுகிறவர் உங்கள் விடுப்புப் பதிவைத் திறந்து பார்ப்பார். அங்கே கண் அறுவை சிகிச்சை. உங்கள் மின்னஞ்சலில் ம்யூனிக். எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவார்? பதில் வராததற்கு வழக்கமான மெத்தனமும் காரணமாக இருக்கலாம். ஆனால் பதிவைப் பார்த்துவிட்டுத்தான் பேசாமல் இருக்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது.

பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்று வையுங்கள். சந்தேகம் வந்தால் தூதரகத்திலிருந்து கடிதத்தில் உள்ள எண்ணுக்கே பேசுவார்கள். "தாயாருக்கு அறுவை சிகிச்சை என்று விடுப்பு எடுத்திருக்கிறார்" என்று இங்கே ஒருவர் வெள்ளந்தியாகச் சொல்வார். அதே தாயாரின் விண்ணப்பம் அங்கே உங்கள் விண்ணப்பத்துக்கு அடியிலேயே இருக்கும்! பயண நோக்கம் பற்றிய தகவல் நம்பத்தக்கதல்ல என்பதற்கு ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசா மறுப்புப் படிவத்தில் தனிக் கட்டமே இருக்கிறது. மறுத்தால் அந்தப் பதிவு ஐந்து ஆண்டுகள் அவர்கள் கணினியில் கிடக்கும். அம்மாவின் விண்ணப்பத்தையும் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார்கள்.

உடன்பிறந்தவளின் பிரசவத்துக்குப் போவது மறைக்க வேண்டிய காரியமா? நம் வீடுகளில் அதைவிடப் பெரிய கடமை எது? அதைச் சொல்லக் கூசி, நல்லபடியாக நடமாடுகிற பெற்ற தாயை நோயாளி ஆக்கியிருக்கிறீர்கள். நாளை அவருக்கு நிஜமாகவே அறுவை சிகிச்சை வந்தால் எந்த முகத்தோடு விடுப்புக் கேட்பீர்கள்? இந்தப் புத்தி எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

நாளைக் காலை மேலாளரை நேரில் பாருங்கள்; மின்னஞ்சல் வேண்டாம். பொய்க் காரணம் போட்டதைச் சொல்லி, அந்த விடுப்பை ரத்து செய்து, உண்மையான காரணத்தோடு புதிதாக விண்ணப்பியுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வாரம்தான் தருவேன் என்றால் அதுவும் போதும். குறுகிய கால விசாவில் அதிகபட்சம் 90 நாள் தங்கலாம். அம்மாவுக்கு அதிக நாள் கேட்டு விண்ணப்பித்து, கொண்டுபோய் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் முன்னதாகத் திரும்பலாம். பிள்ளை பெற்றவளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது முதலில் அம்மாதான்.

புதிய விடுப்புக்கு அனுமதி வந்த பிறகே மனிதவளப் பிரிவுக்கு எழுதுங்கள். பழைய மூன்றையும் விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று. கடிதம் 17ஆம் தேதிக்குள் வேண்டும், 24 அன்று விசா மையத்தில் நேரம் என்று தலைப்பிலேயே இருக்கட்டும். "சீக்கிரம்" என்று எழுதினால் எவரும் அசையமாட்டார்கள். அந்த ஒரு வாரம் திருத்தத்துக்கு. அலுவலகப் பதிவில் உங்கள் பெயருக்கு முன் ஓரெழுத்து இனிஷியல் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் முழுதாக இருக்கும். நம் ஊர்க் கடிதங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் திரும்பி வருகின்றன. எனவே பாஸ்போர்ட் நகலையும், பதவி, சேர்ந்த தேதி, சம்பளம், விடுப்புத் தேதிகள், பயணக் காரணம் எல்லாம் நிரப்பிய மாதிரிக் கடிதத்தையும் இணைத்துவிடுங்கள். அலுவலக இணையதளத்தில் தானாக அச்சாகும் சான்று இருந்தால் அதை நம்பிப் போகாதீர்கள். பெரும்பாலும் அதில் விடுப்புத் தேதிகள் இருக்காது. நிறுவனத் தாளில் கையொப்பமும் முத்திரையும் வேண்டும். கையொப்பமிடுபவர் வேறு ஊரில் இருந்தால் கூரியருக்கும் நாள் கணக்கிடுங்கள்.

இவ்வளவு எழுதிய நீங்கள் பயணத் தேதியை எழுதவில்லையே! விண்ணப்பம் பயணத்துக்குக் குறைந்தது 15 நாள் முன்பே போய்ச் சேர வேண்டும். முடிவுக்கும் வழக்கமாக 15 நாள் ஆகும், சில சமயம் 45 வரை இழுக்கும். 24ஆம் தேதிக்கும் பிரசவத்துக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி இருக்கிறதா என்று இன்றிரவே தங்கையிடம் கேளுங்கள். 15ஆம் தேதி வரை மனிதவளப் பிரிவு வாய் திறக்காவிட்டால், மாதிரிக் கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு அவர்கள் மேசைக்கே போய் நில்லுங்கள். நீங்கள் கேட்ட கறார் அப்போது செல்லும்.