குரூப்பின் பழைய மெசேஜ்கள் எங்கே இருக்கின்றன?

கேள்வி: எங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல புதுசா சேர்க்கிறவங்களுக்கு, அதுக்கு முன்னாடி போட்ட மெசேஜ் எதுவும் தெரியறதில்ல. நான்தான் அட்மின். எந்த செட்டிங்கை மாத்தணும்?

பழைய மெசேஜ்கள் எல்லாவற்றையும் தானாகத் திறந்து காட்டும் செட்டிங் வாட்ஸ்அப்பில் கிடையாது. குரூப் என்றதும் எல்லோருக்கும் பொதுவான நோட்டீஸ் போர்டு ஒன்று எங்கோ மாட்டியிருப்பதாக நமக்குத் தோன்றும். அப்படி ஒரு போர்டு இல்லை. மெசேஜ்கள் ஒவ்வொரு உறுப்பினரின் ஃபோனிலும் தனித்தனியாக இருக்கின்றன.

நீங்கள் ஒரு மெசேஜ் போட்டால், அந்த நேரத்தில் குரூப்பில் யார் யார் இருக்கிறார்களோ அவர்களுக்கு மட்டும் சர்வர் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. கொடுத்து முடித்ததும் தன்னிடமிருந்து அழித்துவிடுகிறது. யாருடைய ஃபோனாவது அணைந்து கிடந்தால் அவருக்குரியதை 30 நாள் வரை வைத்திருக்கும். போன வாரம் மெசேஜ் போட்டபோது இந்த வாரம் சேர்ந்தவர் பட்டியலிலேயே இல்லை. அதனால் அவருக்கென்று ஒரு பிரதி உருவாகவே இல்லை.

இரண்டாவது காரணம் பூட்டு. 2016 முதல் வாட்ஸ்அப் மெசேஜ்கள் அனுப்புகிறவர் ஃபோனிலேயே பூட்டப்பட்டு, பெறுகிறவர் ஃபோனில்தான் திறக்கின்றன. குரூப்பில் ஒவ்வொருவரின் ஃபோனும் தனக்கென்று ஒரு சாவியை உருவாக்கி, மற்ற உறுப்பினர்களுக்குத் தனித்தனியே கொடுத்து வைக்கிறது. ஒரு மெசேஜ் போனதும் அந்தச் சாவி மாறிவிடும். பழைய சாவியிலிருந்து புதியதைக் கணக்கிடலாம். புதியதை வைத்துக்கொண்டு பழையதைக் கண்டுபிடிக்க முடியாது. தயிரைத் திரும்பப் பாலாக்க முடியாது, அதுபோலத்தான். புதிதாக வருகிறவருக்குக் கிடைப்பது அன்றைய சாவி. அதற்கு முந்தைய மெசேஜ் எப்படியோ அவர் கைக்குப் போனாலும் அந்தச் சாவியால் திறக்காது. யார் உள்ளே வரலாம், யார் எழுதலாம் என்பதெல்லாம் அட்மின் அதிகாரத்தில் இருக்கிறது. இந்தப் பூட்டு அந்த அதிகாரத்துக்குள் வராது.

இது எனக்குப் புரிந்தது ஒரு வீட்டில் தண்ணீர் இல்லாமல் போன பிறகுதான். எங்கள் குடியிருப்பில் 48 வீடுகள். புதன்கிழமை காலை பத்து மணி முதல் நான்கு மணி வரை சம்ப் கழுவுகிறோம், தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று திங்களன்று போட்டு, அதைப் பின் செய்தும் வைத்தேன். செவ்வாய் மாலை மூன்றாவது மாடிக்குக் குடிவந்தவரைக் குரூப்பில் சேர்த்தேன். பின் செய்த மெசேஜ் மேலேயே நிற்கிறது, பார்த்துக்கொள்வார் என்று நம்பினேன். என் ஃபோனில் நின்றது. அவர் ஃபோனில் எதுவும் இல்லை. வீட்டில் கைக்குழந்தை. புதன் பதினொரு மணிக்கு அவர் மனைவி, "சார், குழாய்ல தண்ணியே வரலையே, மோட்டார் ரிப்பேரா?" என்று கேட்டபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. பின் செய்வது மெசேஜைப் புதிதாக அனுப்புவதில்லை. ஏற்கெனவே கையில் இருப்பதை மேலே ஏற்றி வைக்கிறது, அவ்வளவுதான். கையில் இல்லாதவருக்கு ஏற்ற ஒன்றுமில்லை.

அன்றிலிருந்து நான் செய்வதைச் சொல்கிறேன். மாதக்கணக்கில் மாறாத விஷயங்களை, அதாவது மெயின்டனன்ஸ் கட்ட வேண்டிய தேதி, செக்யூரிட்டி நம்பர், பிளம்பர் நம்பர், குப்பை எடுக்கும் நேரம் ஆகியவற்றை, குரூப் டிஸ்கிரிப்ஷனில் எழுதிவிட்டேன். அது மெசேஜ் கணக்கில் வராது. குரூப் பெயர், படம் மாதிரி குரூப்போடு சேர்ந்தது. எப்போது சேர்ந்தவருக்கும் தெரியும். பெயரைத் தொட்டு உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாததால், சேர்த்த அன்றே அதை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்.

நாள் குறித்த அறிவிப்பு எதாவது நிலுவையில் இருந்தால், ஆளைச் சேர்த்த பிறகு அதைக் காப்பி செய்து குரூப்பிலேயே புது மெசேஜாக மறுபடியும் போட்டு, அதைப் பின் செய்கிறேன். பழைய பின்னை எடுத்துவிடுகிறேன். மற்ற 47 வீட்டுக்கு இரண்டாம் முறை வருவதால் ஒரு நஷ்டமும் இல்லை. பின் செய்யும்போது 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று கேட்கும்; அறிவிப்பின் தேதியைத் தாண்டுகிற மாதிரி தேர்ந்தெடுங்கள்.

ஆளைச் சேர்க்கும்போதே அண்மைய மெசேஜ்களையும் கூட அனுப்பும் வசதி இப்போது வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. 25 முதல் 100 வரை அனுப்பலாம். உங்கள் ஃபோனில் அது வந்திருந்தால் பயன்படுத்துங்கள். ஆனால் அங்கேயும் சர்வர் எதையும் எடுத்துத் தருவதில்லை. உங்கள் ஃபோனில் இருப்பதை உங்கள் ஃபோன் அவருக்குப் புதிதாகப் பூட்டி அனுப்புகிறது. அனுப்பிய விவரம் குரூப்பில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த வசதி இல்லையென்றால் சிலர் மெசேஜ்களைத் தேர்ந்தெடுத்து ஃபார்வர்டு செய்கிறார்கள். அப்படிச் செய்தால் எழுதியவர் பெயரும் தேதியும் கழன்றுவிடும். "நாளைக்கு வசூலுக்கு வருவார்கள்" என்ற வரி தேதி இல்லாமல் போய்ச் சேர்ந்தால் எந்த நாளைக்கு? ஆண்ட்ராய்டில் பல மெசேஜ்களைத் தேர்ந்தெடுத்துக் காப்பி செய்து ஒட்டினால் தேதி, நேரம், பெயர் மூன்றும் கூடவே வரும். நான் அதைத்தான் செய்கிறேன்.

முழு உரையாடலையும் Export chat மூலம் எடுத்து அனுப்புவதை நான் ஆதரிக்க மாட்டேன். மீடியா இல்லாமல் 40,000 மெசேஜ் வரை ஒரே கோப்பில் வரும், அதுவே பிரச்சினை. எந்த வீட்டில் பாக்கி, யார் யாரோடு சண்டை, யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று எல்லாம் அதில் இருக்கும். எழுதியவர்கள் அன்று குரூப்பில் இருந்தவர்களை நம்பி எழுதினார்கள். இன்னொன்று, ஒவ்வொருவரையும் நீங்கள் உங்கள் ஃபோனில் எந்தப் பெயரில் சேமித்திருக்கிறீர்களோ அதே பெயரில்தான் கோப்பு வரும். சேமிக்காதவர்களின் நம்பர் அப்படியே இருக்கும். குரூப்பில் Advanced chat privacy போட்டிருந்தால் எக்ஸ்போர்ட் நடக்கவே நடக்காது.

"பழசு எதுவும் தெரியல" என்று வருகிற எல்லாப் புகாரும் இந்த வகை அல்ல. அவர் ஃபோனில் குரூப்பின் தொடக்கம்வரை மேலே தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் அவரைச் சேர்த்ததாகவோ, லிங்க் வழியாக அவர் சேர்ந்ததாகவோ ஒரு சிறு வரி முதலில் இருந்து, அதற்குப் பிந்தையவை எல்லாம் இருந்தால், நான் மேலே சொன்னதுதான் காரணம். அவர் இரண்டு வருட உறுப்பினர், போன மாதம் ஃபோன் மாற்றினார் என்றால் அது பேக்கப் பிரச்சினை. குரூப்பிலிருந்து வெளியேறி மறுபடி சேர்ந்தவருக்கு, வெளியே இருந்த நாட்களின் மெசேஜ்கள் மட்டும் இருக்காது.

பழைய உரையாடல் புதியவர்களுக்குக் கட்டாயம் தெரிந்தே ஆக வேண்டிய குரூப் என்றால் டெலிகிராமில் வையுங்கள். அங்கே குரூப் மெசேஜ்கள் நிறுவனத்தின் சர்வரிலேயே இருப்பதால் அட்மினுக்கு நிஜமாகவே ஒரு செட்டிங் உண்டு: Chat history for new members என்பதை Visible என்று மாற்ற வேண்டும். குரூப் தொடங்கும் அன்றே மாற்றிவிடுங்கள். சாதாரண குரூப்பில் அதை மாற்றினால் குரூப் வேறு வகைக்கு மாறிவிடும். மாறுவதற்கு முன் போட்ட மெசேஜ்கள் பழைய உறுப்பினர்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு சேர்கிறவர்களுக்கு அங்கேயும் தெரியாது.