இடம் மாறும் அலுவலகங்களுக்கு: கேள்வி-பதில்

சேலம் செவ்வாய்ப்பேட்டை ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து: "வரும் திங்கள் முதல் ஃபேர்லேண்ட்ஸுக்கு மாறுகிறோம் என்பதைப் பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று சமூக ஊடகப் பதிவின் கேப்ஷனில் எழுதியிருக்கிறோம். போதுமா?

போதாது. எந்தத் திங்கள்? உங்கள் கேப்ஷனை ஒருவர் மூன்று வாரம் கழித்து இன்னொருவருக்கு ஃபார்வர்ட் செய்வார். அவருக்கு "வரும் திங்கள்" அடுத்த வாரத்துத் திங்கள்தான். தேதி, மாதம், கிழமை மூன்றும் வேண்டும். இதை எத்தனை தடவை எழுதியாயிற்று!

அதுவும் ஒரு தேதி போதாது, மூன்று வேண்டும்: பழைய இடத்தில் கடைசி நாள், இரண்டு இடத்திலும் ஆள் இல்லாத நாட்கள், புது இடம் திறக்கும் நாள். நடுவில் உள்ளதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஃபைல் மூட்டையோடு வருகிறவர் பூட்டிய ஷட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்புவது அந்த நாட்களில்தான்.

நீங்கள் சொல்லும் திங்கள் ஜூன் 15. ஆடிட்டர் ஆபீஸே இப்படிச் செய்யலாமா? அன்றுதான் முன்கூட்டிய வருமான வரியின் முதல் தவணைக்குக் கடைசி நாள். மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு 20-ஆம் தேதி ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் வேறு. இரண்டும் முடிந்தபின் மாறுங்கள். 2026 காலண்டர்படி இப்படி வரும்:

"எங்கள் அலுவலகம் ஃபேர்லேண்ட்ஸுக்கு மாறுகிறது. ஜூன் 26 வெள்ளி மாலை வரை செவ்வாய்ப்பேட்டையில். 27 சனி, 28 ஞாயிறு விடுமுறை. அவசரத்துக்கு மொபைலில் அழைக்கவும். ஜூன் 29 திங்கள் காலை 10 மணி முதல் புது இடத்தில்."

இதன் கீழே கதவு எண், மாடி, தெரு, அடையாளம், சேலம் 636016, பிறகு போன் நம்பர்கள். பெருமகிழ்ச்சி வேண்டாம். முதல் இரண்டு வரிதான் திரையில் தெரியும். மிச்சம் "மேலும்" என்பதற்குள் போய்விடும்.

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு வருகிறோம். லேண்ட்லைன் நம்பரை எப்படிப் போடுவது?

எஸ்டிடி கோடு ஏற்காட்டுக்கு 04281, சேலத்துக்கு 0427. பழைய கோடை அப்படியே ஒட்டிவிடாதீர்கள். கோடு இல்லாத லேண்ட்லைன் நம்பரை மொபைலிலிருந்து கூப்பிட முடியாது. +91 போட்டால் அடுத்து வரும் சைபரை எடுத்துவிடுங்கள். புது இணைப்பு வந்து, வெளியிலிருந்து ஒரு தடவை அடித்துப் பார்த்த பிறகே நம்பரை வெளியிடுங்கள். பழைய மொபைல் நம்பர் மாறவில்லை என்றால் "மொபைல் நம்பரில் மாற்றமில்லை" என்று ஒரு வரி.

அழகான போஸ்டர் செய்துவிட்டோம். முகவரி அதிலேயே இருக்கிறது. கேப்ஷனிலும் வேண்டுமா?

வேண்டும். படத்தில் உள்ள முகவரியைத் தொட்டு நகலெடுத்து மேப்பில் ஒட்டப் பலருக்கும் தெரியாது. நம்பரைத் தாளில் எழுதி அடிக்கும்போது ஒரு இலக்கம் தப்பும்.

"புது பஸ் ஸ்டாண்ட் அருகில்" என்றால் தெரியாதா?

சேலத்தில் பாதிக் கடை "புது பஸ் ஸ்டாண்ட் அருகில்"தான். எந்தச் சாலை, எந்தக் கட்டடத்துக்கு எதிரில், எத்தனையாவது மாடி என்று எழுதுங்கள்.

கணபதி ஹோமம் காலை 4.30-க்கு. அதையும் போடலாமா?

அது அழைப்பிதழில் இருக்கட்டும். கேப்ஷனில் போட்டால் அதையே திறக்கும் நேரம் என்று நினைத்து ஐந்து மணிக்குப் போன் அடிப்பார்கள்.