கோவம் ஹைக் மேலயா, வேற எதுவும் மேலயா?

கேள்வி: எனக்கு இந்த வருஷம் ஹைக் 6 பெர்சென்ட்தான். புதுசா சேர்ந்தவனுக்கு என்னவிட சம்பளம் அதிகம். ஆஃபர் லெட்டர்படி நாங்க எதுவும் தப்பா பண்ணலன்னு ஹெச்ஆர் சொல்றாங்க. எம்பிஏ கிளாஸ்ல சொல்ற சைக்கலாஜிக்கல் காண்ட்ராக்ட் ப்ரீச் இதுவா, இல்ல ஆர்கனைசேஷனல் ஜஸ்டிஸ்ங்கறாங்களே அதுவா? எப்படி பிரிச்சு கண்டுபிடிக்கறது?

பதில்:

நான் காம்பன்சேஷன் பக்கம் ரொம்ப வருஷமா குப்பை கொட்டறவன். ஹைக் லெட்டர் போன மறுநாள் எங்க டீம் மெயில் பாக்ஸ் ஒரு தனி உலகம். நூறு மெயில் வந்தா அத்தனையிலயும் "அன்ஃபேர்"னு ஒரே வார்த்தைதான் இருக்கும், ஆனா உள்ள இருக்கற புகார் நாலு விதம். அதைப் பிரிக்க நான் பாக்கறது ஒண்ணே ஒண்ணுதான்: இந்த ஆள் தனக்கு நடந்ததை எதோட வச்சுப் பாக்கறார்? தனக்குச் சொன்னதோடயா, பக்கத்து சீட்டுக்காரனோடயா, முடிவு எடுத்த விதத்தோடயா, இல்ல தன்கிட்ட பேசின விதத்தோடயா?

நீங்க கொடுத்தது நாலு வரிதான், அதனால எனக்குத் தெரிஞ்ச ஒரு கேஸை எடுத்துக்கறேன், அடையாளம் தெரியாம இருக்க விவரம் கொஞ்சம் மாத்தியிருக்கு. ஒரு டெஸ்டிங் பையன், 5 லட்சம் சிடிசி. இன்டர்வியூல மேனேஜர், "இப்போதைக்கு இதுல சேருப்பா, ஒரு வருஷம் வேலைய காட்டு, மார்க்கெட் ரேட்டுக்குக் கொண்டு வந்துடலாம்"னு சொல்லியிருக்கார். ஆஃபர் லெட்டர்ல அது கிடையாது, சம்பள உயர்வு நிர்வாகத்தின் விருப்பத்துக்கு உட்பட்டதுன்னு வழக்கமான வரிதான் இருந்துச்சு. பையன் வருஷம் முழுக்க ரிலீஸ் நேரத்துல சனிக்கிழமையும் வந்தான், ஆன்கால் எடுத்தான். அப்ரைசல்ல மேனேஜர் 4 போட்டார், மேல போய், எல்லா மேனேஜர்களோட ரேட்டிங்கையும் சமன் பண்ற நார்மலைசேஷன்ல அது 3 ஆகி வந்துச்சு, ஹைக் 6 பெர்சென்ட், அதாவது 5.30 லட்சம். அதே மாசம் பக்கத்துல சேர்ந்த புது ஆளுக்கு 6.20. ஹெச்ஆர்கிட்ட கேட்டதுக்கு ரெண்டு வரி பதில்: "ரேட்டிங் ஃபைனல். சம்பளத்தை கலீக்ஸோட டிஸ்கஸ் பண்றது பாலிசிக்கு எதிரானது."

இதுல நாலும் இருக்கு.

முதல்ல சைக்கலாஜிக்கல் காண்ட்ராக்ட். 1989-ல டெனிஸ் ரூசோங்கற ஆய்வாளர் இதை வரையறுத்தப்ப ஒரு விஷயத்துல உறுதியா இருந்தாங்க, இது ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்ட ஒப்பந்தம் இல்ல, வேலை செய்யறவர் மனசுல இருக்கற நம்பிக்கை: நான் இதைக் கொடுத்தா கம்பெனி எனக்கு இதைக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கு. அதனாலதான் ஹெச்ஆர் ஆஃபர் லெட்டரைக் காட்டி "நாங்க எதையும் மீறல"ன்னு சொல்றது இந்தப் புகாருக்குப் பதிலே ஆகாது, அவங்க வேற பேப்பரைப் படிச்சுக்கிட்டிருக்காங்க. ஆனா இங்க ஒரு இடத்துல எல்லாரும் வழுக்குவாங்க (எக்ஸாம்லயும் இதுலதான் மார்க் போகும்). வெறும் எதிர்பார்ப்பு காண்ட்ராக்ட் ஆகாது. "நல்ல கம்பெனி, 15 பெர்சென்ட் போடுவாங்கன்னு நினைச்சேன்"ங்கறது எதிர்பார்ப்பு, அது நடக்கலன்னா ஏமாற்றம், அவ்வளவுதான். "ஒரு வருஷம் வேலைய காட்டு, கொண்டு வந்துடலாம்"னு ஒருத்தர் சொல்லி, அதை நம்பி நீங்க சனிக்கிழமைகளைக் கொடுத்திருந்தாத்தான் அது வாக்கு. வாயால சொல்லணும்னுகூட அவசியமில்ல, வருஷா வருஷம் தீபாவளிக்கு ஒரு மாச போனஸ் கொடுத்துட்டு திடீர்னு நிறுத்தினாலும் அதே கதைதான், பழக்கமே வாக்கா மாறிடும்.

வாக்கு நிறைவேறலன்னு கணக்குப் போட்டுத் தெரிஞ்சுக்கறது ப்ரீச். அதுக்கப்புறம் வயித்துல எரியுதே, துரோகம் பண்ணிட்டாங்கன்னு, அது வயலேஷன். 1997-ல மாரிசனும் ராபின்சனும் இந்த ரெண்டையும் பிரிச்சுக் காட்டினாங்க, அது வெறும் ஏட்டுப் பிரிவினை இல்ல, ஏன்னா ப்ரீச் எல்லாமே வயலேஷனா மாறறதில்ல. நடுவுல மனசு ரெண்டு கேள்வி கேக்குது. வேணும்னே பண்ணாங்களா, இல்ல முடியாமப் போச்சா, இல்ல அவங்க சொன்னது ஒண்ணு நான் புரிஞ்சுக்கிட்டது ஒண்ணா? அடுத்தது, இதைப் பண்ணும்போது என்னை ஒழுங்கா நடத்தினாங்களா? இந்த ரெண்டாவது கேள்விதான் ஜஸ்டிஸ் பக்கம் போற வாசல், நீங்க கேட்ட "இதுவா அதுவா"ங்கறது இந்த இடத்துல ரெண்டும் சேர்ந்ததா ஆயிடுது.

நம்ம பையன் கேஸ்ல அந்த மேனேஜர் பொய் சொன்னாருன்னு எனக்குத் தோணல. அவருக்கு மார்க்கெட் ரேட்டுக்குக் கொண்டு வர்ற அதிகாரமே கிடையாது, பட்ஜெட் மேல இருந்து வருது. பெரும்பாலான ப்ரீச் இப்படித்தான் பொறக்குது, வாக்கு கொடுக்கற வாய் ஒண்ணு, சம்பளம் கொடுக்கற கை இன்னொண்ணு.

அடுத்தது 6.20 லட்சம். இங்கிருந்து வர்ற மூணும் ஆர்கனைசேஷனல் ஜஸ்டிஸ், அதாவது கம்பெனி நம்மை நியாயமா நடத்துதாங்கற கேள்வி. இது அதுல முதல் வகை, டிஸ்ட்ரிப்யூட்டிவ், பங்கீட்டு நீதி. ஆடம்ஸோட ஈக்விட்டி தியரி 1960கள்ல வந்தது, இன்னமும் கேண்டீன்ல தினமும் நடக்குது: நான் போட்டதுக்கு நான் வாங்கறது, அவன் போட்டதுக்கு அவன் வாங்கறது, ரெண்டு விகிதமும் ஒத்துப் போகுதா? கவனிங்க, இது தொகையைத் தொகையோட ஒப்பிடறது இல்ல. புது ஆளுக்கு ஆட்டோமேஷன்ல நாலு வருஷம் கூடுதல் அனுபவம் இருந்தா 6.20 நியாயமாவே இருக்கலாம், ஆனா அந்த அனுபவம் நம்ம பையன் கண்ணுக்குத் தெரியாது, தன்னோட சனிக்கிழமை மட்டும்தான் தெரியும். கம்பெனி சம்பளத்தை மூடி மறைக்க மறைக்க இந்தக் கணக்கு தப்பாவேதான் போடப்படும், எங்க ஆளுங்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம். இதுக்கு வாக்கே தேவையில்லங்கறதையும் பாருங்க. யாரும் எதுவும் சொல்லாம இருந்திருந்தாலும் 6.20-ஐ பாத்த அன்னைக்கு எரியத்தான் செய்யும்.

அப்புறம் 4 எப்படி 3 ஆச்சு. இது ப்ரொசீஜரல், நடைமுறை நீதி. லெவெந்தால் 1980-ல ஒரு நடைமுறை நியாயமானதுன்னு ஜனங்க எதை வச்சு முடிவு பண்றாங்கன்னு ஆறு அளவுகோல் சொன்னார். எல்லாருக்கும் ஒரே மாதிரியா, சொந்த விருப்பு வெறுப்பு இல்லாமலா, சரியான தகவலை வச்சா, தப்பாப் போனா திருத்த வழி இருக்கா, சம்பந்தப்பட்டவங்க தரப்பைக் கேட்டாங்களா, பொதுவான ஒழுக்கத்துக்கு ஒத்து வருதா. நார்மலைசேஷன் மீட்டிங்க்ல உக்காந்தவன்ங்கற முறையில சொல்றேன், ஒரே மாதிரியா இருக்கணும்ங்கற முதல் அளவுகோலுக்காகத்தான் அதையே கொண்டு வந்தாங்க, ஒரு மேனேஜர் எல்லாருக்கும் 5 போடுவார், இன்னொருத்தர் 3-க்கு மேல போடமாட்டார், அதைச் சமன் பண்ண. ஆனா ஒரு ரூம்ல பத்து மேனேஜருங்க உக்காந்து, அந்தப் பையன் வேலையைப் பாக்காதவங்க, பெல் கர்வ்ல 4-க்கு இத்தனை பேர்தான் இடம்னு ஒரு பேரைக் கீழ இறக்கும்போது சரியான தகவலும் போச்சு, அவன் தரப்பும் போச்சு. அப்பீல் ஃபார்ம் அதே மேனேஜர்கிட்டதான் போகும்னா திருத்தற வழியும் பேருக்குத்தான். ஒண்ணைக் காப்பாத்தப் போய் மூணை விட்டுடறாங்க.

கடைசியா அந்த ரெண்டு வரி மெயில். இது இன்டர்ஆக்ஷனல், பேசற விதத்துல இருக்கற நீதி, அதுக்குள்ளயே ரெண்டு: காரணம் சொன்னாங்களா, மரியாதையா சொன்னாங்களா. ரொம்பப் பேர் இதைச் சின்ன விஷயம்னு தள்ளிடுவாங்க. க்ரீன்பெர்க் 1990-ல வெளியிட்ட ஆய்வைப் பாருங்க. அமெரிக்காவுல ஒரு கம்பெனி, ஆர்டர் குறைஞ்சதால ரெண்டு ஃபேக்டரியில 10 வாரத்துக்கு 15 பெர்சென்ட் சம்பளம் வெட்டினாங்க, மூணாவது ஃபேக்டரியில வெட்டல. ஒரு ஃபேக்டரியில ஒன்றரை மணி நேரம் கணக்கெல்லாம் காட்டி, வருத்தம் தெரிவிச்சு, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாங்க. இன்னொண்ணுல கால் மணி நேரத்துல அறிவிச்சுட்டுப் போயிட்டாங்க. வெட்டு ரெண்டுலயும் ஒண்ணுதான், ஆனா கால் மணி நேர ஃபேக்டரியில சாமான் திருட்டு எக்கச்சக்கமா ஏறுச்சு, வேலையை விட்டுப் போனவங்களும் அங்கதான் அதிகம். சம்பளம் பழையபடி வந்ததும் திருட்டும் இறங்கிடுச்சு.

அந்த ஆய்வுல ஒரு ஓட்டை, காரணம் சொன்னதும் மரியாதையா பேசினதும் ஒரே மீட்டிங்ல கலந்து கிடக்கு, எது வேலை செஞ்சதுன்னு தெரியாது. அதைப் பிரிக்க அவரே 1993-ல மாணவர்களை வச்சு ஒரு சோதனை பண்ணார்: 5 டாலர் தரேன்னு சொல்லிட்டு, வேலை முடிஞ்சதும் சில பேருக்கு 3தான்னு மாத்திட்டு, காசை மேஜைல வச்சு நீங்களே எடுத்துக்கோங்கன்னு விட்டார். குறைச்சுக் கொடுக்கப்பட்டவங்க 3-க்கு மேல எடுத்தாங்க, ஆனா யார்கிட்ட நல்ல காரணம் சொன்னாங்களோ அவங்ககிட்டயும், யார்கிட்ட அக்கறையா பேசினாங்களோ அவங்ககிட்டயும் தனித்தனியாவே அது குறைஞ்சது. எனக்கு இதுல பிடிச்சது என்னன்னா, 5 சொல்லி 3 கொடுக்கறது அச்சு அசல் ப்ரீச், ஆனா அது எவ்வளவு எரியும்ங்கறதை பேசின விதம் தீர்மானிக்குது.

சரி, உங்க கேஸ்ல எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? கதையில ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாத்திப் பாருங்க, மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும், கோவம் எதுல இறங்குதுன்னு கவனிங்க. புது ஆளுக்கும் 5.30தான்னு வச்சுக்கோங்க, கோவம் போயிடுச்சா? அப்போ பங்கீடு. அவனுக்கு 6.20 இருந்துட்டுப் போகட்டும், சேரும்போது உங்ககிட்ட யாருமே எதுவும் சொல்லலன்னு வச்சுக்கிட்டா ஆறுதா? அப்போ ப்ரீச். அதே 6 பெர்சென்ட்தான், ஆனா உங்க தரப்பைக் கேட்டு, வேலை தெரிஞ்ச ஆள் முடிவு பண்ணியிருந்தா ஒத்துக்குவீங்களா? அப்போ நடைமுறை. ஹெச்ஆர் கூப்பிட்டு உக்கார வச்சு விவரமா சொல்லியிருந்தா? அதுல ஆறிடும்னா, அப்போ பேசின விதம். எக்ஸாம் கேஸ் ஸ்டடிக்கும் இதையே பண்ணலாம், கேள்வியில "சொல்லியிருந்தார்கள்", "வழக்கமாக" மாதிரி இருந்தா வாக்கு, இன்னொருத்தர் பேர் வந்தா ஒப்பீடு, கமிட்டி, அப்பீல், ஃபார்ம் வந்தா நடைமுறை.

ஒரு எச்சரிக்கை, இந்தச் சோதனை ஒவ்வொரு தடவையும் ஒத்தைப் பதில் தராது. தொகை மோசமா இருக்கும்போதுதான் நடைமுறை மேல ஜனங்க கண்ணு போகும், 20 பெர்சென்ட் வந்திருந்தா பெல் கர்வ் பத்தி யாரு கேக்கப் போறா.

பிரிச்சுப் பாத்தா எங்க போய் என்ன கேக்கணும்னு தெளிவாகும். ப்ரீச்னா வாக்கு கொடுத்த மேனேஜர்கிட்டயே போங்க, ஹெச்ஆர்கிட்ட இல்ல, "நீங்க சொன்னது இது, எப்போ, எவ்வளவுன்னு இப்போ மெயில்ல போட முடியுமா?"ன்னு கேளுங்க. பங்கீடுன்னா பக்கத்து சீட்டுக்காரன் பேரை எடுக்காதீங்க, உங்க கிரேடுக்கு சேலரி பேண்ட், அதாவது கீழ்-மேல் சம்பள வரம்பு என்ன, அதுல நான் எங்க இருக்கேன்னு கேளுங்க, பேண்டோட அடிமட்டத்துல இருந்தா அவங்களாலயே அதுக்குச் சாக்குச் சொல்ல முடியாது. நடைமுறைன்னா ரேட்டிங்கை மாத்துங்கன்னு கேக்காம, எந்த அடிப்படையில மாறுச்சு, என் மேனேஜர் எழுதின கமெண்ட்ஸை அந்த ரூம்ல படிச்சாங்களா, ஸ்கிப் லெவல்ல, அதாவது மேனேஜரோட மேனேஜர்கிட்ட ரிவ்யூ உண்டான்னு கேளுங்க. நான் பாத்த வரைக்கும் ரேட்டிங் திரும்பி வர்றது அபூர்வம்தான், ஆனா அடுத்த வருஷ மீட்டிங்ல உங்க பேர் வரும்போது யாராவது ஒருத்தர் ஃபைலைத் திறந்து பாப்பாங்க.